இரவுப் படத்தில் வந்தது எது?

காட்டோரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டம் பவானிசாகருக்கு மேற்கே, காட்டை ஒட்டி இருக்கிறது. நோய் வந்து செத்த கன்றுக்குட்டி ஒன்றை வேலிக்கு வெளியே போட்டிருந்தோம். ராத்திரியில் ஏதோ வந்து இழுப்பது தெரிந்ததால் என் மருமகன் அங்கே ஒரு தானியங்கிக் கேமராவைக் கட்டினார். இரவு 1.42-க்கு மூன்று படங்கள் விழுந்திருக்கின்றன. ஊரில் பாதிப் பேர் செந்நாய் என்கிறார்கள், மீதிப் பேர் ஓநாய் என்கிறார்கள். என் அம்மா மட்டும் கழுதைப்புலி என்று அடித்துச் சொல்கிறார். ஆனால் படத்தில் வரியே தெரியவில்லை. வரி இல்லாமல் கழுதைப்புலி இருக்குமா?
— ஒரு விவசாயி, பவானிசாகர்

பதில்: உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. நம் நாட்டில் வரி இல்லாத கழுதைப்புலி கிடையாது. வரி தெரியாத கழுதைப்புலிப் படங்கள் நிறைய உண்டு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் இனி வரும் படங்களை நீங்களே படித்துவிடலாம்.

இரவில் இந்தக் கேமரா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசிப் படமெடுக்கிறது. பகலில் கன்னங்கரேல் என்று தெரியும் மயிர் அந்த ஒளியில் பல நேரம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். மலேசியத் தீபகற்பத்தில் உள்ள சிறுத்தைகள் அநேகமாக எல்லாமே கருஞ்சிறுத்தைகள். சாதாரணப் படத்தில் அவற்றின் புள்ளிகள் தெரியாது. ஆய்வாளர்கள் கேமராவைப் பகலிலும் அகச்சிவப்பில் இயங்கும்படி மாற்றியபோது புள்ளிகள் துலங்கின. அந்தச் சிறுத்தைக்கு உதவிய அதே குணம் நம் கழுதைப்புலிக்குப் பாதகமாகிறது. வரியின் கறுப்பும் உடம்பின் சாம்பலும் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. விலங்கு கேமராவுக்கு மிக அருகில் இருந்தால் ஒளி அதிகமாகப் பட்டு விலாப்பகுதி வெளுத்தும் போகும். போதாததற்கு, வெளிச்சம் குறைவு என்பதால் கேமரா கூடுதல் நேரம் திறந்திருக்கிறது. நகரும் உடம்பில் மெல்லிய கோடு எதுவும் நிற்காது.

ஆகவே தோலைத் தேடாதீர்கள், உருவத்தைத் தேடுங்கள். எவ்வளவு மங்கலான படத்திலும் கடைசிவரை நிற்பது உடம்பின் வெளிக்கோடு. அதில் முதலில் பார்க்க வேண்டியது முதுகு.

கழுதைப்புலிக்கு முன்னங்கால் நீளம், பின்னங்கால் குட்டை. தோள் உயர்ந்து நின்று, அங்கிருந்து முதுகு வாலை நோக்கிச் சரியும். பிடரியிலிருந்து முதுகு நெடுகிலும் நீண்ட மயிர் வரிசை ஓடுகிறது. மிரண்டால் அதைச் சிலிர்த்துக்கொள்ளும். அப்போது சரிவு இன்னும் அதிகமாகத் தெரியும். ஓநாய்க்கும் செந்நாய்க்கும் முன்கால், பின்கால் உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதுகு மட்டமாக ஓடும். கழுதைப்புலியைப் பார்த்தால் நாய் மாதிரி இருக்கும், ஆனால் அது நாய்க் குடும்பம் அல்ல. பூனைக்கும் கீரிக்கும்தான் நெருக்கம். முகத்தை வைத்துக் குழம்புகிறவர்கள்கூட முதுகை வைத்துக் குழம்புவது குறைவு.

இப்போது உங்கள் இரண்டாவது படத்துக்கு வருகிறேன். விலங்கு பக்கவாட்டில், உங்கள் வேலியின் கல்லுக்காலை ஒட்டிக் கடக்கிறது. படத்தில் அந்தக் கல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நேரில் அது நேராகத்தான் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சாய்ந்திருப்பது கேமரா. இது சின்ன விஷயம் அல்ல. கேமரா பத்து டிகிரி சாய்ந்தாலே மட்டமான முதுகும் சரிந்த முதுகாகத் தெரியும். படத்தை முதல் பார்வையில் கண்டு "ஐயோ, எவ்வளவு சரிவு" என்று சொல்வதற்கு முன், மரம், கம்பம், கல்லுக்கால் என நேராக நிற்கும் எதையாவது பார்த்துப் படத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

திருப்பிய பிறகு படத்தை அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். முன்னங்கால் பாதத்தின் அடியிலிருந்து தோளின் உச்சி வரை 36 மில்லிமீட்டர். பின்னங்கால் பாதத்திலிருந்து இடுப்பின் உச்சி வரை 28 மில்லிமீட்டர். ஒவ்வொரு அளவையும் அந்தந்தக் காலின் அடியிலிருந்தே எடுப்பதால் நிலம் மேடாக இருந்தாலும் பள்ளமாக இருந்தாலும் கணக்கு பெரிதாகக் கெடாது. தோளைவிட இடுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. சிலிர்த்த மயிருக்கு ஓரளவு கழித்துக்கொண்டால்கூட, ஓநாயிலோ செந்நாயிலோ இப்படி ஓர் அளவு வராது.

உயரத்தையும் பார்த்துவிடலாம். கல்லுக்கால் தரைக்கு மேல் 120 சென்டிமீட்டர் என்று அளந்து எழுதியது நல்ல காரியம். அச்சில் அது 60 மில்லிமீட்டர். ஆக ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர். தோள் உயரம் 72 சென்டிமீட்டர். இதில் ஒரு திருத்தம் வேண்டும். விலங்கு வேலிக்கு ஓரடி முன்னால், கேமராவுக்கு அந்த அளவு அருகில் நடந்திருந்தால் சற்றுப் பெரிதாகத் தெரிந்திருக்கும். உங்கள் கேமரா வேலியிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருந்ததால் பிழை நூற்றுக்கு ஏழெட்டுதான். குறைத்துக்கொண்டாலும் 66, 67 வருகிறது. செந்நாய் தோளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நிற்கும் விலங்கு. ஆகவே உயரம் செந்நாயை வெளியே தள்ளிவிட்டது. ஓநாயைத் தள்ளவில்லை, ஓநாயும் கழுதைப்புலியும் உயரத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழும். ஓநாயைத் தள்ளியது முதுகு.

இனி ஒரு சந்தேகம் மட்டும் மீதி. நாயினம் எதுவானாலும் பின்காலைப் பின்னுக்கு நீட்டி உந்தும் நொடியில் இடுப்பு கொஞ்சம் தாழும். ஒரே ஒரு படம் அந்த நொடியில் விழுந்திருந்தால் ஏமாறலாம். அதற்காகத்தான் மூன்றாவது படத்தையும் பார்த்தேன். அதில் விலங்கு விலகிப் போகிறது, பின்னங்கால் உடம்புக்கு அடியில் ஊன்றியிருக்கிறது. அப்போதும் இடுப்பு தோளுக்குக் கீழேதான் இருக்கிறது. கால் எங்கே இருந்தாலும் மாறாத சரிவு எலும்பில் இருக்கும் சரிவு.

முதல் படத்தில் தலை நம் பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டு காதுகள், அகலத்தைவிட உயரம் அதிகம், நுனி கூம்பியிருக்கிறது. கண்கள் ஒளியில் எரிகின்றன. அதை மறந்துவிடுங்கள், கண் எரிவது இந்த மூன்று விலங்குக்கும் பொது. கடைசியாக, இப்போது என்ன தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டதால், இரண்டாம் படத்தில் பின்னங்காலின் மேல்பகுதியை உருப்பெருக்கிப் பாருங்கள். மங்கலாக இரண்டு குறுக்குப் பட்டைகள் இருக்கின்றன. வரி அங்கேயேதான் இருந்தது.

மோயாற்றுப் பள்ளத்தாக்கிலும் அதன் இருமருங்கும் உள்ள முட்காட்டிலும் கழுதைப்புலி இன்னும் வாழ்கிறது. 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகமும், மேற்கே சீகூர்ப் பீடபூமியும் அதன் இருப்பிடங்களில் சேரும். தமிழ்நாட்டில் அது எங்கும் காணும் விலங்கு இல்லை. உங்கள் மூன்று படங்களுக்கும் மதிப்பு உண்டு, அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் விடுதிக்குப் பின்னால் உள்ள பாதையில் வைத்த கேமராவில் விடிவதற்கு முன் ஒரு படம் கிடைத்தது. உடம்பு மங்கல்தான், ஆனால் காது உருண்டையாக இருப்பது தெரிகிறது. காது உருண்டை என்றால் செந்நாய் என்று படித்திருக்கிறேன். உறுதி செய்யலாமா?
— ஒரு வாசகி, மசினகுடி

பதில்: காதை மட்டும் வைத்து உறுதி செய்ய வேண்டாம். நீங்கள் படித்தது தவறு இல்லை. செந்நாயின் காது நுனி வளைந்து உருண்டிருக்கும், உள்ளே வெள்ளை மயிர் அடர்ந்திருக்கும். ஓநாயின் காது கூர்முனை. கழுதைப்புலியின் காது இன்னும் பெரியது, நெட்டையானது, கூர்மையானது. தலைக்கு மேல் தனியாக எழுந்து நிற்கும்.

ஆனால் மங்கலான படம் ஒரு பக்கமாகத்தான் பொய் சொல்லும். கூர்மையான நுனியை அது மழுக்கி உருண்டையாக்கிவிடும். உருண்டையான நுனியைக் கூர்மையாக்குவது அரிது. காதின் நுனி என்பது ஏற்கெனவே மெல்லிய, சிறிய இடம். விலங்கு தலையை அசைத்தாலோ, படத்தில் புள்ளிகள் போதாமல் போனாலோ முதலில் கரைந்துபோவது அதுதான். ஆகவே மங்கலான படத்தில் கூர்மையான காது தெரிந்தால் "இது செந்நாய் இல்லை" என்று தைரியமாகச் சொல்லலாம். உருண்டையான காது தெரிந்தால் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் எத்தனையோ ஓநாய்களும் நரிகளும் ஊர் நாய்களும் செந்நாய்க் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

காதைப் பின்னுக்கு மடித்திருந்தால் அதுவும் கணக்கில் வராது. பயந்த விலங்கும், தலையைத் தாழ்த்தி மோப்பம் பிடிக்கும் விலங்கும் காதை மடிக்கும். இரண்டு காதும் நிமிர்ந்து, முகம் கேமராவை நோக்கியோ முழுப் பக்கவாட்டிலோ இருக்கும் படத்தில் மட்டுமே காதைப் பேசவிட வேண்டும்.

உங்கள் படத்தில் எனக்கு நம்பிக்கை தருவது காது அல்ல, வால். அடர்ந்த, தொங்கும் வால், உடம்பைவிட நன்றாகக் கருத்திருக்கிறது. செந்நாயின் செம்பழுப்பு உடம்பு அகச்சிவப்பில் வெளுத்துத் தெரியும், கறுத்த வால் பெரும்பாலும் அதிலிருந்து பிரிந்து நிற்கும். முதுகு மட்டம், கால் குட்டை, மூஞ்சி குட்டை. இன்னொன்று: உங்கள் நினைவக அட்டையில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பாருங்கள். செந்நாய் கூட்டமாக வாழ்வது. பெரும்பாலும் பகலிலும், விடியலிலும் அந்தியிலும் நடமாடுவது. ஒன்று கடந்தால் சில நிமிடங்களுக்குள் இன்னொன்று கடக்க வாய்ப்பு அதிகம். நடுநிசியில் தனியாக ஒன்று வந்தால் அதைச் செந்நாய் என்று சொல்வதற்கு முன் நான் இன்னும் நல்ல சான்று கேட்பேன். செந்நாய் இரவில் வரவே வராது என்று சொல்லவில்லை. நிலா வெளிச்சத்தில் அவை நடமாடுவதும் உண்டு.

கேள்வி: நான் வேலை பார்ப்பது வட கர்நாடகத்தில், கொப்பள் பக்கம். இங்கே ஓநாயும் இருக்கிறது, கழுதைப்புலியும் இருக்கிறது. எங்கள் காற்றாலைப் பாதையில் உள்ள கண்காணிப்புக் கேமராவில் விழும் படங்களில் காதும் தெரியாது, முகமும் தெரியாது. நடையை வைத்துச் சொல்ல முடியும் என்கிறார்கள். நின்றுபோன படத்தில் நடையை எப்படிப் பார்ப்பது?
— ஒரு பொறியாளர், கொப்பள்

பதில்: மங்கலையே பயன்படுத்திக்கொள்ள வேண்டும். இரவில் கேமரா சற்று நேரம் திறந்திருப்பதால் நகர்வது எல்லாம் இழுபட்டுத் தெரியும் என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா? தரையில் ஊன்றிய பாதம் நகர்வதில்லை. ஆகவே ஒரே படத்தில் ஊன்றிய பாதம் தெளிவாகவும், தூக்கிய பாதம் புகைந்தும் தெரியும். நான்கு பாதங்களில் எவை தெளிவு, எவை புகை என்று குறித்துக்கொள்ளுங்கள். நடை அதிலேயே எழுதியிருக்கும்.

மெதுவாக நடக்கும் விலங்குக்கு எந்த நொடியிலும் இரண்டு அல்லது மூன்று பாதங்கள் தரையில் இருக்கும். மூன்று தெளிவு, ஒன்று புகை என்றால் அது நடக்கிறது. மெல்லோட்டத்தில் கதை வேறு. இடது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து ஊன்றும், அந்த நேரத்தில் வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து எழும். குறுக்காக உள்ள இரண்டு பாதங்கள் தெளிவு, மற்ற இரண்டும் புகை என்றால் மெல்லோட்டம். நான்கும் புகைந்து, அடியில் தரை தெரிந்தால் விலங்கு அந்த நொடியில் காற்றில் இருக்கிறது.

ஓநாய் நெடுந்தூரம் போகும்போது இந்த மெல்லோட்டத்திலேயே போகும். நீண்ட கால், ஒடுங்கிய மார்பு, மட்டமான முதுகு. தலையும் முதுகும் அநேகமாக ஒரே கோட்டில். முன்பாதம் பதிந்த இடத்திலேயோ அதை ஒட்டியோ பின்பாதம் விழும் என்பதால் தடம் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் போகும். உங்கள் பக்கத்துக் கரிசல் மண்ணில், மழை விட்ட மறுநாள், படம் விழுந்த இடத்துக்குப் போனால் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கழுதைப்புலி பெரும்பாலும் நடக்கும். கழுத்து தடித்து, தலை தாழ்ந்து, உடம்பின் பாரம் எல்லாம் முன்பக்கம் இருக்க, பின்பக்கம் கூடவே இழுபட்டு வருவது போலத் தெரியும். ஊரில் பலர் "நொண்டிக்கொண்டு போச்சு" என்று சொல்லும் விலங்கு பல நேரம் அடிபட்டது அல்ல. நல்ல ஆரோக்கியமான கழுதைப்புலி. அதன் முன்பாதம் பின்பாதத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியது. தடத்திலும் இது தெரியும்.

இங்கே ஓர் எல்லையைச் சொல்லியாக வேண்டும். நடக்கிறது என்பதால் மட்டும் கழுதைப்புலி ஆகாது, ஓநாயும் நடக்கும். மெல்லோட்டம் என்பதால் மட்டும் ஓநாய் ஆகாது. கழுதைப்புலியும் அவசரத்தில் ஓடும். நடையின் உண்மையான பயன், முதுகைச் சோதிக்க அது தரும் வாய்ப்பு. கால்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் தொடர் படங்களில் தோளையும் இடுப்பையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓநாயின் இடுப்பு ஒரு படத்தில் தாழும், அடுத்த படத்தில் தோள் மட்டத்துக்கு ஏறிவிடும். கழுதைப்புலியின் இடுப்பு ஏறவே ஏறாது. அதனால்தான் கேமராவை ஒரு தூண்டலுக்கு மூன்று படம் எடுக்கும்படி வைக்கச் சொல்கிறோம். காணொளி எடுக்கும் வசதி இருந்தால் பத்து வினாடிக் காணொளி அதைவிட நல்லது.

கூட யார் வந்தார்கள் என்பதையும் சிலர் சான்றாக வைப்பார்கள்: ஓநாய்க் கூட்டத்தோடு வந்ததால் ஓநாய் என்று. அதுவும் முழுச் சான்று இல்லை. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் வரிக் கழுதைப்புலி ஒன்று சாம்பல் ஓநாய்களோடு சேர்ந்து திரிந்ததை ஆய்வாளர்கள் 2016-இல் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். முதலில் தடங்களில் பார்த்தார்கள், பிறகு நேரிலேயே பார்த்தார்கள். ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அளந்துவிடுங்கள்.

கேள்வி: முதுகு சரிந்திருந்தால் கழுதைப்புலி என்றால், அல்சேஷன் நாய்க்கும் முதுகு சரிவுதானே? எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அல்சேஷன் கலப்பு நாய்கள் திரிகின்றன. காதும் கூர்மை.
— ஒரு கல்லூரி மாணவர், தாளவாடி

பதில்: மிக நல்ல கேள்வி. நம் காட்டோர ஊர்களில் இரவுக் கேமராவில் அதிகம் விழுவது ஓநாயும் அல்ல, கழுதைப்புலியும் அல்ல, ஊர் நாய்தான். அதை முதலில் விலக்காமல் மற்றதைப் பேசக் கூடாது.

அல்சேஷனின் சரிவு பின்கால் மடங்கி நிற்பதால் வருவது. அதன் பின்னங்காலைப் பாருங்கள்: முழங்காலுக்குக் கீழே எலும்பு பின்னோக்கி நீண்டு, குதிமூட்டு கூர்மையாகப் பின்னால் துருத்திக்கொண்டு, பாதம் உடம்புக்கு வெகு பின்னே ஊன்றியிருக்கும். காலை நிமிர்த்தினால் சரிவு போய்விடும். கழுதைப்புலியின் பின்கால் அப்படி மடங்கி நிற்பதில்லை. உடம்புக்கு அடியிலேயே நிற்கிறது, ஆனால் குட்டை. அதோடு முன்பக்கத்தைப் பாருங்கள். கழுதைப்புலியின் கழுத்து தலை அளவுக்கே பருத்துத் தோளில் இறங்கும், பிடரி மயிரால் அந்தக் கோடு ஒழுங்கற்றுச் சிலும்பியிருக்கும். நாயின் கழுத்து தலையைவிட ஒடுங்கி, தோளில் தெளிவாகச் சேரும். வாலும் உதவும். நாய் வாலை மேலே வளைத்தோ சுருட்டியோ வைத்திருந்தால் நாய் என்று முடித்துவிடலாம். ஓநாய் வாலைச் சுருட்டுவதில்லை, நடக்கும்போது தொங்கவிட்டுத்தான் போகும். வால் தொங்கினால் அதிலிருந்து முடிவுக்கு வர முடியாது, நாயும் தொங்கவிடும்.

கழுத்தில் பட்டையோ கயிறோ இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். அகச்சிவப்பில் அது பல நேரம் ஒரு நேரான, வெளிறிய கோடாகத் தெரியும்.

கேள்வி: மன்னாரில் எங்கள் பனந்தோட்டத்துக் கேமராவில் ஓநாய் போல ஒன்று பதிவாகியிருக்கிறது. படம் இணைத்துள்ளேன்.
— ஒரு வாசகர், மன்னார்

பதில்: இலங்கைக் காடுகளில் இன்று ஓநாயும் இல்லை, செந்நாயும் இல்லை, கழுதைப்புலியும் இல்லை. அங்குள்ள ஒரே காட்டு நாயினம் நரி. உங்கள் படத்தில் உள்ளதும் நரிதான்: சிறிய உடம்பு, ஒல்லிக்கால், கூர்ந்த மூஞ்சி, நுனி கருத்த வால். எந்த விலங்கு அந்த ஊரில் வாழ்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: என் ஆட்டுப் பட்டியில் ஓர் ஆடு செத்துக் கிடந்தது. மறுநாள் இரவு கேமரா வைத்தேன், கழுதைப்புலி வந்து தின்கிறது. படம் தெளிவு, வரியும் தெரிகிறது. ஆட்டைக் கொன்றது அதுதான் என்று இந்தப் படத்தை வைத்து வனத்துறையில் சொல்லலாம் அல்லவா?
— ஓர் ஆட்டுப் பண்ணையாளர், தாராபுரம்

பதில்: சொல்ல முடியாது. உங்கள் படம் காட்டுவது மறுநாள் இரவு தின்ன வந்த விலங்கை. முதல் நாள் கொன்ற விலங்கை அது காட்டவில்லை. செத்ததைத் தின்பது கழுதைப்புலியின் முக்கியப் பிழைப்பு. நாய் கொன்றதையும், சிறுத்தை கொன்றதையும், நோயில் செத்ததையும் அது தேடி வரும். ஆடு போன்ற சிறு கால்நடையை அது தானே கொல்வதும் உண்டு என்பதால் அதற்கு நற்சான்றும் நான் தரவில்லை. கொன்றது யார் என்பதை உடல்தான் சொல்லும், அதுவும் முதல் நாளில். தொண்டையில் ஆழமான இரண்டு ஜோடிப் பல் துளைகளா, தொடையிலும் வயிற்றிலும் பல இடங்களில் கிழிசலா, கடித்த இடத்தில் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் தோலை உரித்துப் பார்ப்பார். ரத்தம் கட்டாத காயம் செத்த பிறகு பட்டது. உடலை நகர்த்தாமல், யாரும் மிதித்துத் தடத்தை அழிக்காமல் வைத்து, அன்றே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

கழுதைப்புலி வந்துபோன தடயம் வேண்டுமென்றால் எச்சத்தைப் பாருங்கள். பெரிய எலும்பையும் நொறுக்கித் தின்பதால் காய்ந்த எச்சம் சுண்ணாம்பு போல வெள்ளையாக இருக்கும்.

செத்த ஆட்டில் மருந்து வைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். பிணத்தை மோப்பம் பிடித்து முதலில் வருவது பல நேரம் கழுதைப்புலிதான், அப்போது முதலில் சாவதும் அதுதான். பிறகு கழுகு, நரி, உங்கள் பட்டி நாய். ஆட்டைக் கொன்றது வேறொன்றாக இருந்தால் அது சாகாமல் நாளைக்கும் வரும். கழுதைப்புலி, ஓநாய், செந்நாய் மூன்றும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. விஷம் வைப்பது குற்றம்.

படம் அனுப்புவோருக்கு: தயவுசெய்து வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது கோப்பைச் சுருக்கும்போது காதின் நுனியும் பாதத்தின் விளிம்பும் முதலில் போய்விடுகின்றன. கேமராவின் அட்டையில் உள்ள மூலக் கோப்பை மின்னஞ்சலில் இணையுங்கள். வாட்ஸ்ஆப்தான் வழி என்றால் ஆவணமாக இணையுங்கள். ஒளியைக் கூட்டவோ ஓரத்தை வெட்டவோ வேண்டாம். அந்த வரிசையில் விழுந்த எல்லாப் படங்களும் வேண்டும், விலங்கின் வால் மட்டும் தெரியும் படமும் சேர்த்து. பகலில் அதே இடத்துக்குப் போய், விலங்கு நின்ற இடத்தில், பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட குச்சியை நட்டு, கேமராவை நகர்த்தாமல் ஒரு படம் எடுத்து அதையும் அனுப்புங்கள். கேமராவை இன்னும் கட்டவில்லை என்றால், முழங்கால் உயரத்தில், பாதைக்குக் குறுக்காகப் பார்க்கும்படி கட்டுங்கள். பாதையின் நீளவாக்கில் கட்டினால் முகமும் பின்புறமும்தான் விழும், முதுகுக் கோடு கிடைக்காது.